சாம்பல் அள்ள ஆளில்லாத அடுப்பு

சூரியனின் நடுமையத்திலிருந்து ஒரு லிட்டர் அள்ளி எடுக்க முடிந்தால், அதன் எடை சுமார் 150 கிலோ இருக்கும். வெப்பநிலை ஒன்றரைக் கோடி டிகிரி. ஆனால் அந்த ஒரு லிட்டர் புதிதாக உண்டாக்கும் ஆற்றல் கால் வாட்டுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடலோ லிட்டருக்கு ஒரு வாட்டுக்கு மேல் வெப்பம் தருகிறது! சூரியன் இவ்வளவு ஒளிர்வதற்குக் காரணம் அதன் பருமன். எரிவதில் அது மகா சோம்பேறி.

அந்தச் சோம்பலில்தான் அதன் ஆயுள் இருக்கிறது. ஹைட்ரஜனின் கரு ஒரு தனிப் புரோட்டான். இரண்டு புரோட்டான்கள் நெருங்கினால் இரண்டும் நேர்மின்னூட்டம் கொண்டவை என்பதால் விலக்கித் தள்ளிக்கொள்ளும். ஒன்றரைக் கோடி டிகிரியிலும் அந்தத் தடையை ஏறிக் கடக்கும் வேகம் அவற்றுக்குக் கிடையாது. குவாண்டம் விதிப்படி, எப்போதாவது ஒன்று தடையை ஏறாமலே ஊடுருவி மறுபக்கம் போய்விடும். அதுவும் போதாது. நெருங்கிய அந்தக் கணத்திலேயே இரண்டில் ஒன்று நியூட்ரானாக மாறினால்தான் ஜோடி ஒட்டும், இல்லாவிட்டால் பிரிந்துவிடும். இப்படியொரு வாய்ப்புக்கு ஒரு புரோட்டான் சராசரியாகப் பல நூறு கோடி ஆண்டுகள் காத்திருக்கிறது.

ஒட்டிய பிறகு தாமதமில்லை. சில நொடிகளில் மூன்றாவது புரோட்டான் வந்து சேர்கிறது. இப்படி உருவான இரண்டு கருக்கள் பின்னர் மோதி, ஒரு ஹீலியம் கருவைத் தந்துவிட்டு, மிஞ்சிய இரண்டு புரோட்டான்களை வெளியே விடுகின்றன. மொத்தக் கணக்கில் நான்கு புரோட்டான்கள் ஒரு ஹீலியம் ஆகின்றன. ஆனால் 1,000 கிராம் ஹைட்ரஜன் போட்டால் 993 கிராம் ஹீலியம்தான் வரும். காணாமல் போன 7 கிராம்தான் வெயில். நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இப்படி மாறுகிறது. அதில் 40 லட்சம் டன்னுக்கு மேல் ஆற்றலாகிறது.

அப்படியானால் ஹைட்ரஜன் முழுவதும் தீர்ந்த பிறகுதான் சூரியன் அணையுமா? இல்லை. கொதிக்கும் உலைபோல மேலும் கீழும் புரள்வது சூரியனின் வெளிப்பகுதி மட்டுமே. உள்ளே அந்தப் புரளல் கிடையாது. அதனால் மையத்தில் சேரும் ஹீலியம் என்ற சாம்பல் அங்கேயே கிடக்கிறது. புது விறகும் உள்ளே வருவதில்லை. 460 கோடி ஆண்டுகளில் நட்டநடுவில் இருந்த ஹைட்ரஜன் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளில் மையத்தில் அது தீரும்.

நமக்கான கெடு அதற்கு முன்பே வந்துவிடும். நான்கு கருக்கள் ஒன்றாகும்போது துகள்கள் குறைகின்றன. மேலிருக்கும் பாரத்தைத் தாங்க மையம் சுருங்கி இன்னும் சூடாகிறது. ஆகவே எரிபொருள் குறையக் குறைய சூரியனின் ஒளி கூடுகிறது. பிறந்தபோது இன்றைய ஒளியில் 70 சதவீதம்தான் இருந்தது. இன்னும் 100 கோடி ஆண்டுகளில் சுமார் 10 சதவீதம் கூடும். பூமியின் கடல்கள் அதைத் தாங்காது என்றே கணக்குகள் சொல்கின்றன.

மையம் தீர்ந்ததும் அதைச் சுற்றியுள்ள உறை எரியத் தொடங்கும். சூரியன் ஊதிப் பெருத்துச் செம்பூதமாகும். ஹீலியத்தையும் சிறிது காலம் எரிக்கும். பிறகு மேலடுக்குகளை விண்ணில் உதறிவிட்டு, பூமியளவே உள்ள வெண்குள்ளனாகச் சுருங்கி ஆறத் தொடங்கும். உதறப்பட்ட அந்த வாயுவில் பெரும்பகுதி, கடைசிவரை அடுப்புப் பக்கமே வராத ஹைட்ரஜன்.