வள்ளி திருமண நாடகத்தில் முரண்நகை: கிழவர் காட்சியை முன்வைத்து

முன்னுரை

திண்டுக்கல் நகரத்தைச் சுற்றியுள்ள சமவெளி ஊர்களின் கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடைபெறும் இசை நாடகங்களுள் ‘வள்ளி திருமணம்’ முதன்மையானது. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அமைத்துத் தந்த வடிவத்தை அடியொற்றி நிகழும் இந்நாடகத்தை மக்கள் ‘ஸ்பெஷல் நாடகம்’ என வழங்குவர். வள்ளி முருகனை மணப்பாள் என்பதை அறியாமல் இந்நாடகத்தைக் காண வருபவர் அரிது. கதை முழுவதும் தெரிந்திருந்தும் அவையோர் ஏன் சிரிக்கின்றனர் என்னும் வினாவுக்கு விடை, அந்த முன்னறிவிலேயே அடங்கியுள்ளது. அம்முன்னறிவு நகையாக மாறும் முறையை, முருகன் கிழவர் வேடத்தில் வரும் காட்சியைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

நாடக முரண்நகை: விளக்கமும் எல்லையும்

மேடையிலுள்ள பாத்திரம் அறியாத ஒன்றை அவையோர் அறிந்திருப்பதும், அதனால் அப்பாத்திரத்தின் சொல்லும் செயலும் அது கருதாத வேறொரு பொருளைத் தருவதும் நாடக முரண்நகை எனப்படும். ஆங்கில அறிஞர் கானப் தேர்ல்வால் 1833இல் சோபாக்ளிசின் நாடகங்களில் உள்ள முரண்நகையைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின்னர் இக்கருத்து மேலைத் திறனாய்வில் நிலைபெற்றது.

ஆனால் சோபாக்ளிசின் ‘ஈடிபஸ் மன்னன்’ நாடகத்தில் எவரும் சிரிப்பதில்லை. கொலையாளியைத் தேடும் மன்னனே கொலையாளி என்பதை அவையோர் அறிவர், அவன் அறியான். அங்கே இந்த அறிவு வேறுபாடு அச்சத்தையும் அவலத்தையும் விளைவிக்கிறது. எனவே, அறிவு வேறுபாடு மட்டுமே நகைக்குக் காரணமாகாது. அது நகையாக முடிவதற்கு வேறு சில நிலைகளும் வேண்டும். அவை யாவை என்பதற்குத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் ஒரு வழி காட்டுகிறது.

நகையின் நிலைக்களன்களுள் மடன்

நகை என்னும் மெய்ப்பாட்டிற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கையும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். இவற்றுள் பேதைமைக்கும் மடனுக்கும் உள்ள வேறுபாடு இங்கு இன்றியமையாதது. பேதைமை என்பது அறிவின்மை. மடன் என்பதோ, பிறர் உணர்த்திய ஒன்றை ஏற்றுக்கொண்டு, ஏற்றதைக் கைவிடாது நிற்கும் இயல்பு என்பது உரை மரபு. பேதைமையில் அறிவு இல்லை; மடனில் அறிவு உண்டு, உறுதியும் உண்டு. ஆயினும் அவ்வுறுதி, பிறர் காட்டிய தோற்றத்தின் மேல் நிற்கிறது.

பம்மல் சம்பந்த முதலியாரின் ‘சபாபதி’ நாடகத்து வேலைக்காரன் பேதைமையால் சிரிப்பூட்டுபவன். அவன் ஏவலைத் தவறாகப் புரிந்துகொள்வதைக் கண்டு சிரிப்பதற்கு அவையோருக்கு மறைபொருள் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வள்ளியோ பேதையல்லள், நாரதரோடும் வேலனோடும் சொல்லுக்குச் சொல் தருக்கம் புரியும் திறம் உடையவள். அவளிடத்து அமைவது மடன். வந்தவர் கிழவர் என்னும் தோற்றத்தை அவள் ஏற்கிறாள். ஏற்றதை விடாது நிற்கிறாள். அத்தோற்றம் பொய் என்பதை அவையோர் அறிவர். மடனும் அவையோரின் அறிவும் சந்திக்கும் இடமே முரண்நகை பிறக்கும் இடம்.

கிழவர் காட்சியின் அமைப்பு

கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்து வள்ளியம்மை திருமணப் படலமே இக்காட்சிக்கு மூலம். தினைப்புனம் காக்கும் வள்ளியிடம் முருகன் முதலில் வேடனாக வருகிறான். அவள் தந்தை நம்பி வரக்கண்டு வேங்கை மரமாகிறான். மீண்டும் வேடனாகி அவளோடு உரையாடுகையில் நம்பி மறுமுறையும் வர, முதிய சைவத் தவசியின் கோலம் கொள்கிறான். அதன் பின் நிகழ்வன மூன்று கட்டங்களாக அமைகின்றன. மேடையில் இவை நிகழ்வுக்கு நிகழ்வு குறுகலாம், நீளலாம். எனினும் கதையின் அடுக்கு இதுவே.

முதற்கட்டத்தில், வந்த நோக்கம் என்ன என்று நம்பி முதியவரை வினவுகிறான். தம் மூப்பு நீங்குவதற்காக அம்மலையிலுள்ள குமரியில் ஆட வந்ததாக அவர் விடையிறுக்கிறார். நம்பியின் செவிக்குக் குமரி ஒரு தீர்த்தம். அவையோரின் செவிக்கோ அவன் மகள். முதியவர் பொய் சொல்லவில்லை. ஒரே சொல்லால் இருவர்க்கும் இருவேறு உண்மைகளைச் சொல்லிவிடுகிறார். மகிழ்ந்த நம்பி, தனித்திருக்கும் தன் மகளுக்குத் துணையாக இருக்குமாறு அவரை வேண்டிக்கொள்கிறான். காவலுக்கு வந்த தந்தை, எவரிடமிருந்து மகளைக் காக்க வேண்டுமோ அவரிடமே அவளை ஒப்படைத்துச் செல்கிறான். இங்கு நகை இருமுறை எழ இடமுண்டு: சிலேடை வெளிப்படும்போது ஒருமுறை, நம்பியின் மறுமொழியின்போது ஒருமுறை. இரண்டாவதே வலிமை மிக்கது. முதலாவதில் அவையோர் ஒரு சொல்லின் இருபொருளைக் கண்டு மகிழ்கின்றனர். இரண்டாவதில் அச்சொல் ஒரு தந்தையின் செயலையே தலைகீழாக்கியதைக் காண்கின்றனர்.

இரண்டாம் கட்டத்தில் முதியவர் பசி என்கிறார். வள்ளி தேனும் தினைமாவும் தருகிறாள். நீர் வேட்கை என்கிறார், சுனையைக் காட்டுகிறாள். மூன்றாவதாகத் தம் காதல் நோயைத் தீர்க்க வேண்டுகிறார். அவள் வெகுண்டு கடிந்துரைக்கிறாள். முதலிரண்டு வேண்டுகோள்களும் மூன்றாவதற்கான படிகள் என்பதை அவையோர் முன்னரே உணர்ந்துவிடுவதால், வள்ளியின் ஒவ்வோர் உபசரிப்பும் நகையை வளர்க்கிறது. முரண் உச்சம் பெறுவது அவளது மறுப்பில். முற்பிறவியில் திருமாலின் மகளாய் இருந்து முருகனை அடையத் தவமிருந்தவளே வள்ளி என்பது புராணம். மேடையிலும் அவள் முருகனுக்கென்றே தன்னை உரியவளாக்கிக் கொண்டவள். ஆகவே அவள் முருகனுக்காக முருகனையே மறுக்கிறாள். மறுப்பு எவ்வளவு கடுமையாகிறதோ, அவ்வளவுக்கு அவள் அன்பின் உறுதியும் வெளிப்படுகிறது. அவள் சொல்லின் மேற்பொருள் வசை. அவையோர் உணரும் பொருள் காதல்.

மூன்றாம் கட்டத்தில் முருகன் தமையனாகிய விநாயகனை நினைக்க, அவன் யானையாய் வந்து நிற்கிறான். அஞ்சிய வள்ளி, சற்றுமுன் தான் கடிந்த கிழவரையே தழுவிக்கொள்கிறாள். யானை எனும் அச்சப்பொருள் அவையோருக்கு அச்சமாவதில்லை. அது குடும்பத்தின் மூத்த பிள்ளை என்பதை அவர்கள் அறிவர். அவ்வறிவு இல்லையெனில் இக்காட்சி நகைக்கு மாறாக அச்சத்தையே தந்திருக்கும். ஈடிபஸ் நாடகத்தில் அறிவு அச்சத்தைக் கூட்டுகிறது. இங்கு அறிவு அச்சத்தை நீக்குகிறது.

நகைக்குரிய நிலைகள்

இம்மூன்று கட்டங்களையும் ஒருங்கே நோக்கின், முரண்நகை சிரிப்பாவதற்கு இரண்டு நிலைகள் வேண்டும் என்பது புலனாகிறது. ஒன்று, அறியாதவர்க்கு இறுதியில் கேடு இல்லை என்னும் உறுதி. வள்ளி எதை மறுக்கிறாளோ அதுவே அவள் விரும்பியது என்பதால், அவள் ஏமாறுதல் அவளுக்கு இழப்பன்று. மற்றொன்று, அறியாதவர் தம் நிலையில் உறுதியாக நிற்றல். வள்ளி தயங்கினால் முரண் தளரும். அவள் உறுதியே இரு பொருள்களுக்கும் இடையிலுள்ள தொலைவை அகலப்படுத்துகிறது. இதனைத்தான் மடன் என்னும் சொல் குறிக்கிறது.

அவையோரின் முன்னறிவு இப்பகுதியில் இயல்பாகவே வாய்த்திருக்கிறது. பழனி திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ளது. தைப்பூசக் காலத்தில் பாதயாத்திரையாகச் செல்வோர் இச்சமவெளிச் சாலைகளின் வழியே செல்வர். முருகன் யார், அவன் வேடம் புனைவது எதற்கு என்பவற்றை நாடகம் விளக்க வேண்டிய தேவை இல்லை. பிற நாடகங்கள் முதற்காட்சிகளைச் செலவிட்டு ஈட்டும் அறிவு வேறுபாட்டை, இந்நாடகம் தொடங்கும் முன்னரே பெற்றுவிடுகிறது.

மேடையில் முரண் கெடும் இடங்கள்

ஸ்பெஷல் நாடக நடிகர் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒப்பந்தம் செய்யப்பட்டு, ஒத்திகையின்றி அன்றிரவே மேடையில் சந்திப்பவர். உரையாடலின் பெரும்பகுதி அங்கேயே உருவாகிறது. சொற்கள் மாறினும் முரண் நிலைத்திருப்பதற்குக் காரணம், அது சொல்லில் மட்டுமன்றிக் கதையமைப்பிலும் ஊன்றியிருப்பதே. எனினும் இரு வழிகளில் அது கெடக்கூடும்.

வேலனாக நடிப்பவர் இருமல், தள்ளாட்டம், நடுங்கும் குரல் ஆகியவற்றிலேயே நெடுநேரம் தங்கிவிட்டால், அவையோர் முருகனை மறந்து முதுமையை மட்டும் காண்பர். அப்போது எழும் சிரிப்பு எள்ளலின் பாற்பட்டது, முரண்நகையன்று. இதற்கு மாறாக, வள்ளியாக நடிப்பவர் வந்தவரை ஐயுற்றதாகக் குறிப்புக் காட்டிவிட்டால் மடன் சிதைகிறது. தருக்கம் தொடரலாம், சுவையும் குன்றாதிருக்கலாம். ஆயின் அது சமநிலையினர் இருவரின் சொற்போராக மாறிவிடும்.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய எளிய சோதனை உண்டு. கிழவர் முருகன் என்பதை அறியாத ஒருவர் அவையில் இருப்பதாகக் கொண்டு, அவருக்கும் அந்த இடம் சிரிப்பைத் தருமா என்று நோக்க வேண்டும். இருமல் அவருக்கும் சிரிப்பைத் தரும். பபூன் தனியே நின்று கூறும் நகைத்துணுக்குகளும் பெரும்பாலும் அவ்வாறே. குமரியாட வந்தேன் என்னும் விடையோ, வள்ளியின் சீற்றமோ அவருக்குச் சிரிப்பைத் தராது. முன்னறிவை நீக்கியதும் எந்த நகை மறைகிறதோ அதுவே நாடக முரண்நகை.

முடிவுரை

வள்ளி திருமணத்தின் கிழவர் காட்சியில் நகை, எதிர்பாராமையால் தோன்றுவதன்று. நன்கு அறிந்த முடிவை நோக்கி அறியாத பாத்திரம் தன் உறுதியாலேயே நடந்து செல்வதால் தோன்றுகிறது. நம்பியின் செயலில் பேதைமையும், கிழக்கோலத்தில் எள்ளலும், வள்ளியின் மறுப்பில் மடனும் நகைக்கு நிலைக்களன்களாகின்றன. இவற்றுள் அவையோரின் முன்னறிவை முழுவதும் சார்ந்து இயங்குவது மடனே. மேலைத் திறனாய்வு முரண்நகையை அவையோரின் அறிவிலிருந்து விளக்குகிறது. தொல்காப்பிய மரபின் மடன் அதனையே பாத்திரத்தின் உள்ளத்திலிருந்து விளக்க இடந்தருகிறது. வள்ளியின் சீற்றத்திற்கு அவை சிரிக்கும்போது, அச்சிரிப்பில் இகழ்ச்சி இல்லாமைக்கும் இதுவே காரணம்: அவள் பற்றிநிற்கும் தோற்றம் பொய்யாயினும், அவளை அவ்வாறு நிற்கச் செய்யும் அன்பு மெய்.