குரல் பதிவிலிருந்து கருத்து வரைபடம்

வகுப்புக்குப் போகும் முன் பாடத்தின் சுருக்கத்தை ஆசிரியர்கள் கைபேசியில் பேசிப் பதிந்துகொள்வது இப்போது சகஜம். பேருந்தில் போகும்போது இரண்டு நிமிடம் பேசினால் போதும். அந்தப் பேச்சை மாணவர் கையில் கொடுக்கக்கூடிய கருத்து வரைபடமாக மாற்றும்போதுதான் சிக்கல். பேச்சு ஒரே கோடாக ஓடுகிறது, வரைபடமோ கிளைவிட வேண்டும்.

கருத்து வரைபடத்தை 1970களில் உருவாக்கியவர் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் நோவாக். அறிவியலைக் குழந்தைகள் எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று ஆராய்ந்தபோது பிறந்த முறை இது. தலைப்புகளை மட்டும் கோடிட்டு இணைத்தால் அது கருத்து வரைபடம் ஆகாது. ஒவ்வொரு கோட்டின் மேலும் ஓர் இணைப்புச் சொல் இருக்க வேண்டும்; இரண்டு கருத்துகளும் அந்தச் சொல்லும் சேர்ந்து ஒரு முழு வாக்கியமாக வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை பற்றிய இந்தக் குரல் பதிவை எடுத்துக்கொள்வோம்: "அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும். நம்ம வருஷ மழையில கிட்டத்தட்ட பாதி இதுலதான். ஏன்னா தென்மேற்குக் காத்தை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துடுது, அதுல மூணுல ஒரு பங்குதான் கிடைக்குது. அக்டோபர்ல நிலம் குளிர்ந்துடும், காத்து திசை மாறும். அது வங்கக் கடல்ல ஈரத்தை அள்ளிட்டு வரும். அப்புறம் தாழ்வு மண்டலம், புயல். கரையோரம் அதிகம், உள்ளே குறைவு. ஆங், கடல்னு சொன்னேனே, அந்தச் சூடுதான் புயலுக்கும் தீனி."

முதலில் இதை அப்படியே எழுத்தாக்க வேண்டும். குரல் தட்டச்சைப் பயன்படுத்தினால் ஒலியைக் கேட்டபடியே ஒருமுறை சரிபார்ப்பது அவசியம். இந்தப் பாடத்தில் 'மலை'யும் 'மழை'யும் இடம் மாறினால் பொருளே கவிழ்ந்துவிடும். 'ஆங்', 'அப்புறம்' போன்றவற்றை நீக்கலாம். 'ஏன்னா', 'தடுத்துடுது', 'அள்ளிட்டு வரும்' ஆகியவற்றைத் தொடக் கூடாது. பிற்பாடு இணைப்புச் சொற்கள் ஆகப்போகிறவை அவைதான். 'அது' என்று வரும் இடத்தில் எது என்பதை எழுதிவிட வேண்டும்.

அடுத்து, வரைபடம் பதில் சொல்ல வேண்டிய ஒரே கேள்வியை மேலே எழுதி, பதிவில் உள்ள கருத்துகளைப் பட்டியலிட்டு, பொதுவானதிலிருந்து குறிப்பானதற்கு வரிசைப்படுத்த வேண்டும். பேசிய வரிசையை இங்கே மறந்துவிடலாம்.

தமிழில் வினை கடைசியில் வருவதால், இணைப்புச் சொல்லை நடுவில் வைத்தால் வாக்கியம் இடறும். அதை வரியின் இறுதியில் அடைப்புக்குள் வைப்பது நல்லது. கிளை, அதன் தாய்க் கருத்து, அடைப்புச் சொல் என்ற வரிசையில் படித்தால் வாக்கியம் வந்துவிட வேண்டும்.

கேள்வி: தமிழ்நாடு ஏன் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கிறது?

வடகிழக்குப் பருவமழை
1. திசை மாறிய காற்று [கொண்டுவருகிறது]
1.1 நிலம் குளிர்வது [உண்டாக்குகிறது]
1.2 வங்கக் கடல் [ஈரம் தருகிறது]
2. தாழ்வு மண்டலம், புயல் [வலுப்படுத்துகின்றன]
2.1 கடலோர மாவட்டங்கள் [அதிக மழை பெறுகின்றன]
2.2 உள் மாவட்டங்கள் [குறைவாகப் பெறுகின்றன]
3. தமிழ்நாட்டின் ஆண்டு மழை [ஏறத்தாழப் பாதியைப் பெறுகிறது]
3.1 தென்மேற்குப் பருவக்காற்று [சுமார் மூன்றில் ஒரு பங்கு தருகிறது]
3.1.1 மேற்குத் தொடர்ச்சி மலை [தடுக்கிறது]

குறுக்கு இணைப்பு: 1.2 → 2 [வெப்பமும் ஈரமும் தந்து வளர்க்கிறது]

3.1.1ஐப் படித்துப் பாருங்கள்: மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுக்கிறது. வேற்றுமை உருபை மட்டும் சேர்த்தால் போதும், வாக்கியம் நிற்கிறது.

கடைசி வரியைக் கவனியுங்கள். ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவும் இந்த இணைப்பைத்தான் நோவாக் உயர்வாக மதித்தார். குரல் பதிவில் அது ஒளிந்திருக்கும் இடம் 'சொன்னேனே' என்ற சொல். பேசுபவர் பின்னால் திரும்பிப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அங்கே ஒரு குறுக்கு இணைப்பு இருக்கிறதா என்று தேட வேண்டும். தேவையற்ற திரும்பச் சொல்லல் என்று அதை வெட்டிவிடுவதே இந்த வேலையில் நேரும் பெரிய இழப்பு.

பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு அடையாளங்கள் உண்டு. கிளையே இல்லாமல் 1, 1.1, 1.1.1 என்று ஒரே சங்கிலியாக நீண்டால், பேச்சின் வரிசை அப்படியே இறங்கிவிட்டது என்று பொருள். அடைப்புக்குள் 'தொடர்புடையது' என்று வந்தால், என்ன தொடர்பு என்பது எழுதியவருக்கே விளங்கவில்லை என்று பொருள். இரண்டாவது பிழை வந்தால் எழுத்தைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டாம். அந்த இடத்தின் குரல் பதிவை மறுபடி கேளுங்கள். பதிவிலும் விடை இல்லையென்றால், வகுப்புக்குப் போகும் முன் பாடத்திலேயே நிரப்ப வேண்டிய இடம் அது.