முழங்கால் வலிக்கு ஒரு பயிற்சிப் பதிவு: எதை எழுதலாம், எதை எழுதக் கூடாது

பிசியோதெரபி மையங்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பும் பதிவுகளில் பாதி முழங்கால் வலியைப் பற்றித்தான் இருக்கும். அவற்றில் பெரும்பாலும் மூன்று விஷயங்களைப் பார்க்கலாம்: ‘மூட்டு வலிக்கு முற்றுப்புள்ளி’ என்று ஒரு தலைப்பு, தரையில் பாய் விரித்துக் காலைத் தூக்கும் இளம்பெண்ணின் படம், கீழே தொலைபேசி எண். மூட்டு தேய்ந்த 60 வயதுக்காரருக்குத் தரையில் உட்கார்ந்து எழுவதே பெரும்பாடு என்பது அந்தப் படத்தை எடுத்தவருக்குத் தோன்றவில்லை. இந்த ஒரு பதிவையே எடுத்துக்கொண்டு, அதை எப்படி ஒழுங்காக எழுதுவது என்று பார்ப்போம்.

முதலில் எந்தப் பயிற்சி என்று முடிவு செய்ய வேண்டும். ஒரு பதிவுக்கு ஒரு பயிற்சி போதும். ஏழெட்டுப் பயிற்சிகளைக் கொடுத்தால் வீட்டில் செய்பவர் எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்துவிட்டு, மறுநாள் எதனால் வலிக்கிறது என்று தெரியாமல் விழிப்பார். முழங்காலுக்கு முதல் பயிற்சியாக நான் தேர்ந்தெடுப்பது துண்டை அழுத்தும் பயிற்சி. முழங்காலைத் தாங்குவதில் முன்தொடைத் தசைக்குப் பெரிய பங்கு உண்டு. வலிக்குப் பயந்து நடையைக் குறைக்கும்போது அந்தத் தசை இளைக்கிறது. இளைத்தால் படி இறங்கும்போது கால் தளர்கிறது. அதனால் நடை இன்னும் குறைகிறது. மூட்டை மடக்கி நீட்டாமலேயே அந்தத் தசைக்கு வேலை கொடுப்பதால், வலி உள்ளவரும் இதில் தொடங்கலாம்.

செய்முறையை நான் இப்படி எழுதுவேன்:

“கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். தரையில் இறங்க வேண்டியதில்லை. குளியல் துண்டைச் சுருட்டி, வலிக்கும் முழங்காலின் பின்பக்கத்துக்கு அடியில் வையுங்கள். அந்தக் காலின் விரல்கள் முகத்தைப் பார்த்தபடி இருக்கட்டும். இப்போது முழங்காலின் பின்பக்கத்தால் துண்டைக் கீழே அழுத்துங்கள். ஒன்று முதல் ஐந்து வரை வாய்விட்டு எண்ணுங்கள். பிறகு முழுவதும் தளர்த்துங்கள். இப்படிப் பத்து முறை. காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. பத்து முடியாவிட்டால் ஐந்தில் தொடங்குங்கள். முடித்ததும் துண்டை எடுத்துவிடுங்கள்.”

இதில் இரண்டு வரிகளை இடம் போதவில்லை என்று யாராவது வெட்டப் பார்ப்பார்கள். வாய்விட்டு எண்ணச் சொல்வது மூச்சுக்காக. அழுத்தும்போது பலரும் தம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இந்த வயதில் பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டியதில்லை. வாய்விட்டு எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. ‘மூச்சைப் பிடிக்காதீர்கள்’ என்று எழுதுவதைவிட இது நன்றாக வேலை செய்கிறது. துண்டை எடுத்துவிடச் சொல்வதற்கும் காரணம் உண்டு. முழங்காலுக்கு அடியில் எதையாவது வைத்துக்கொண்டால் இதமாக இருக்கும் என்று இரவெல்லாம் தலையணை வைத்துத் தூங்குபவர்கள் இருக்கிறார்கள். மாதக்கணக்கில் அப்படிப் படுத்தால் முழங்கால் சற்று மடங்கிய நிலையிலேயே இறுகி, முழுவதும் நீள மறுக்கும்.

சரியாகச் செய்கிறோமா என்று பார்க்கவும் ஒரு வழி சொல்ல வேண்டும். முழங்கால் சில்லுக்கு நாலு விரல் மேலே உள்ளங்கையை வைக்கச் சொல்லுங்கள். அழுத்தும்போது அங்கே தசை கெட்டியாக வேண்டும், தளர்த்தும்போது மெத்தென்று ஆக வேண்டும். இடுப்பு மேலே தூக்கிக்கொண்டு தொடை மெத்தென்றே இருந்தால் வேலை வேறு எங்கோ நடக்கிறது என்று அர்த்தம்.

அடுத்தது வலி. ‘வலித்தால் நிறுத்துங்கள்’ என்று ஒற்றை வரியில் எழுதுவது வழக்கம். அது பாதி உண்மைதான். பல மாதங்களாக வலிக்கும் முழங்காலில் பயிற்சி தொடங்கும்போது கொஞ்சம் வலி இருக்கத்தான் செய்யும். அந்த வரியை அப்படியே பின்பற்றினால் யாருமே பயிற்சி செய்ய முடியாது. எவ்வளவு வலி பரவாயில்லை, எவ்வளவு கூடாது என்று அளவு சொல்ல வேண்டும். வலியே இல்லையென்றால் பூஜ்யம், தாங்கவே முடியாவிட்டால் பத்து. செய்யும்போது மூன்று வரை இருந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம்.

எடுத்துக்காட்டாக, 58 வயதுப் பெண் ஒருவர் பத்து முறை அழுத்தினார் என்று வைத்துக்கொள்வோம். செய்யும்போது வலி இரண்டு, மாலையில் மூன்று, காலையில் எழும்போது எப்போதும் உள்ள பிடிப்புதான். அவர் அளவு சரி. இரண்டாவது வாரம் உற்சாகத்தில் முப்பது முறை அழுத்துகிறார். மறுநாள் காலை முழங்கால் உப்பியிருக்கிறது, கழிப்பறைக்கு நடக்கவே வழக்கத்தைவிட அதிகம் வலிக்கிறது. ஒரு நாள் விட்டு, வீக்கம் இறங்கியபின் ஐந்து முறையில் மறுபடி தொடங்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் இறங்காவிட்டால் மையத்துக்கு வர வேண்டும். இந்த அளவுக்கு விவரம் இருந்தால் வீட்டில் இருப்பவர் தானாகவே முடிவெடுக்க முடியும்.

யார் செய்யக் கூடாது என்பதைப் பதிவின் மேலேயே போடுங்கள். கடைசியில் போட்டால் பயிற்சியைச் செய்து முடித்த பிறகுதான் படிப்பார்கள். முழங்கால் சிவந்து, சூடாகி, கூடவே காய்ச்சலும் இருந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் ரத்தம் உறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதையும் தள்ளிப்போடக் கூடாது. விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாதவரும், மூட்டு பூட்டுப் போட்டதுபோல் மாட்டிக்கொள்பவரும் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் பயிற்சியைத் தொட வேண்டும். அண்மையில் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் தங்களுக்குச் சொல்லப்பட்டதை மட்டும் செய்யட்டும்.

இனி, என்ன பலன் என்று எழுதுவது? ‘குணமாகும்’ என்ற சொல்லைத் தொடாதீர்கள். தேய்ந்த குருத்தெலும்பு பயிற்சியால் மறுபடி வளர்வதில்லை. அதே சமயம், எக்ஸ்ரேயில் நிறையத் தேய்மானம் தெரிந்தும் வலி குறைவாக நடமாடுபவர்கள் உண்டு. படத்தில் தெரிவதும் வலியும் ஒரே அளவில் போவதில்லை. தசையை வலுவாக்குவதில் பயன் இருப்பது அதனால்தான். நான் எழுதுவது இவ்வளவுதான்: “ஆறு முதல் எட்டு வாரம் விடாமல் செய்தால் நாற்காலியிலிருந்து எழுவதும் படி ஏறுவதும் எளிதாகலாம். வலியும் ஓரளவு குறையலாம். எல்லோருக்கும் ஒரே அளவில் குறையாது. இது தேய்மானத்தை மாற்றாது.” விளம்பரமாகப் பார்த்தால் சப்பென்றுதான் இருக்கிறது. ஆனால் ‘ஒரே வாரத்தில்’ என்று நம்பி வருபவர் எட்டாம் நாள் நின்றுவிடுவார். தசை வலுப்பெற ஒரு வாரம் எங்கே போதும்? தவிர, சேவைகளைப் பற்றிய தவறான விளம்பரங்களுக்கும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும்.

பதிவைப் போட்டதும் ‘எனக்கு 62 வயது, சர்க்கரை இருக்கிறது, செய்யலாமா?’ என்று கேள்விகள் வரும். காலைப் பார்க்காமல் ‘தாராளமாக’ என்று பதில் போடாதீர்கள். நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று எழுதுங்கள்.

வெளியிடுவதற்கு முன்னால், பிசியோதெரபி படிக்காத ஒருவரிடம், வரவேற்பில் இருப்பவரிடமோ வீட்டில் அம்மாவிடமோ, எழுதியதைக் கொடுத்து, நீங்கள் எதுவும் பேசாமல், படித்தபடி செய்யச் சொல்லிப் பாருங்கள். துண்டு தொடைக்கு அடியில் போனால் அந்த வரியைத் திருத்திவிட்டு வெளியிடுங்கள்.