பத்தாம் வரியில் உடையும் கூம்பகம்

கல்லூரியில் சி மொழி பயில்வோர் விண்மீன் குறிகளைக் கூம்பக வடிவில் அச்சிடும் பயிற்சியை அறியாதிருக்க முடியாது. மடக்கினுள் மடக்கு அமைக்கும் அப்பயிற்சியின் உயிர், புறமடக்கின் மாறி அகமடக்கின் எல்லையைத் தீர்மானிப்பதில் இருக்கிறது.

ஐந்து வரிக் கூம்பகத்தைக் கொள்வோம். முதல் வரியில் நான்கு வெற்றிடங்களும் ஒரு குறியும். அடுத்ததில் மூன்று வெற்றிடங்களும் மூன்று குறிகளும். கடைசியில் வெற்றிடமின்றி ஒன்பது குறிகள். வரியெண் `i` எனில் வெற்றிடம் `n - i`, குறிகள் `2*i - 1`. இவ்விரு வாய்பாடுகளும் தாளில் கிடைத்த பின்னரே விசைப்பலகையைத் தொடுதல் நன்று.

```c
for (i = 1; i <= n; i++) {
    for (j = 1; j <= n - i; j++) printf(" ");
    for (j = 1; j <= 2*i - 1; j++) printf("*");
    printf("\n");
}
```

வரிமாற்றும் ஆணை அகமடக்கினுள் நுழைந்துவிட்டால் குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாய்ச் சரியும். புறமடக்கிற்கும் வெளியே போனால் எல்லாம் ஒரே நீள்வரியாகும். திரையைக் கண்டதுமே பிழையின் இடம் விளங்கிவிடும்.

விண்மீனுக்கு மாற்றாக எண்களை ஏறி இறங்குமாறு அச்சிடுவோம்: 1, 121, 12321. இதற்கு `i` வரை ஏறும் மடக்கொன்றும் `i - 1` முதல் இறங்கும் மடக்கொன்றும் வேண்டும். ஒன்பது வரிகள் வரை வடிவம் சிதையாது. 11-இன் இருபடி 121. 111-இன் இருபடி 12321. ஒன்பது ஒன்றுகளாலான எண்ணின் இருபடியும் ஒன்பதாம் வரியே. பத்து ஒன்றுகள் வந்ததும் இலக்கம் மேலேறி இவ்வொற்றுமை குலைகிறது.

திரையிலும் அதே வரியில்தான் இடர் எழுகிறது. பத்து என்னும் எண் ஈரிலக்கம். வாய்பாட்டின்படி 19 இடங்களில் அடங்கவேண்டிய பத்தாம் வரி, 20 இடங்களைப் பிடிக்கிறது. பதினோராம் வரியில் 10, 11, 10 என மூன்று ஈரிலக்க எண்கள் வருவதால் மிகை மூன்று, பன்னிரண்டில் ஐந்து. மிகையும் ஒற்றைப்படையாகவே வளர்வது இப்பயிற்சியின் சிறு விந்தை! வெற்றிடங்கள் சரியாக இருப்பதால் இடவிளிம்பு நேராக நிற்க, வலவிளிம்பு மட்டும் புடைக்கும். ஆகவே மடக்கின் எல்லையை மாற்றிப் பார்ப்பது வீண்வேலை. `2*i - 1` எண்ணுவது எண்களை. திரை கணக்கிடுவதோ எழுத்துகளை.

தீர்வு எளிது. `%d` என்பதை `%2d` ஆக்கினால் ஒவ்வோர் எண்ணும் ஈரிடம் பெறும். ஆனால் முன்னிருக்கும் வெற்றிடத்தையும் இரட்டிப்பாக்க வேண்டும்; அதை மறந்தால் இடவிளிம்பு வரிக்கு ஓரிடமும் வலவிளிம்பு மூன்றிடமும் நகர்ந்து, கூம்பகம் ஒருபுறம் சாயும். இரண்டையும் செய்தபின் 99 வரை அகலம் போதும் எனினும், 80 எழுத்து அகலமுள்ள திரையில் இருபது வரிகளே வடிவோடு நிற்கும். இருபத்தோராம் வரிக்கு 82 இடங்கள் தேவைப்படுவதால், அதன் வால் மடிந்து அடுத்த வரியில் விழும்.