ஏழு மூட்டைதான் இருக்கு, தம்பி

மதுரையில் இட்லி மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்கும் ஒருவர், வாரம் 20 மூட்டை முழு உளுந்து எடுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். மூட்டைக்கு 50 கிலோ. அவர் வாங்குவது பர்மா உளுந்தில் பருமணியான எஸ்.கியூ. ரகத்தைத் தோல் நீக்கிய உருட்டு. ஏப்ரல் 8ஆம் தேதி மண்டிக்காரர் கிடங்கைப் பார்க்கிறார், ஏழு மூட்டைதான் நிற்கிறது. அடுத்த சரக்கு இன்னும் ஆலைக்கே வரவில்லை.

பல மண்டிகளில் இந்த இடத்தில் வழக்கமாக வரும் பதில், "லோடு வந்துக்கிட்டே இருக்கு, ரெண்டு நாள் பொறுங்க." இதை நம்பி மாவுக்காரர் வேறெங்கும் கேட்காமல் இருந்துவிடுவார். மூன்றாம் நாள் அவருடைய கிரைண்டர் நிற்கும், கடைகளுக்குப் போகும் பாக்கெட் குறையும். வாடிக்கையாளரை மண்டி இழப்பது பெரும்பாலும் சரக்கு தீர்ந்ததால் அல்ல, இந்த இரண்டு நாளால்தான்.

விவரம் தெரிந்த மண்டிக்காரர் கேள்வி வருவதற்கு முன்பே தானாகப் போன் போடுவார். "தம்பி, எஸ்.கியூ. ஏழு மூட்டைதான் இருக்கு. அதை உங்களுக்கு எடுத்து வச்சிருக்கேன். அடுத்தது 22ஆம் தேதிக்குள்ள வரும். நடுவுல ஆந்திரா உருட்டு தர்றேன், ஆனா மாவு அவ்வளவு காணாது."

"எவ்வளவு குறையும், அண்ணாச்சி?"

மாற்றுச் சரக்கு பற்றிய பேச்சின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மாவுக்காரருக்கு உளுந்தின் விலையைவிட அது எவ்வளவு பொங்குகிறது என்பதே கணக்கு. நாள்பட்ட உளுந்தும் உடைத்த பருப்பும் புது முழு உளுந்தளவு பொங்குவதில்லை. ஆந்திரா உளுந்து எல்லாமே மட்டம் என்று சொல்ல முடியாது. கிடங்கில் இருக்கும் அந்த லாட் எப்படி என்பதே கேள்வி. அதனால் வாயால் உத்தரவாதம் தருவதைவிட ஒரு மூட்டையை அனுப்பி, "ஒரு ஈடு அரைச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்பதே முறை.

அரைத்துப் பார்த்ததில் ஒரு கிலோ போட்ட இடத்தில் 1.1 கிலோ போட வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். வழக்கமான உளுந்து கிலோ 115 ரூபாய், மாற்று 110 ரூபாய். ஐந்து ரூபாய் மலிவு போலத் தெரியும். ஆனால் அதே அளவு மாவுக்கு 121 ரூபாய் ஆகிறது. மாற்றுச் சரக்கு 104 ரூபாய் 50 காசுக்குக் கீழே வந்தால்தான் மாவுக்காரருக்குக் கட்டுப்படியாகும். இந்தக் கணக்கை மண்டிக்காரரே போட்டுக் காட்டி, விலையைக் கொஞ்சம் இறக்கிக் கொடுத்தால் பேரம் அங்கேயே முடிந்துவிடும். பழைய சாக்கில் புது ரகத்தைச் சத்தமில்லாமல் கட்டி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். ஆட்டுக்கல்லில் அது ஒரே இரவில் தெரிந்துவிடும். பில்லில் ரகத்தின் பெயர் மாறியிருக்க வேண்டும்.

சரி, 22ஆம் தேதி எப்படி வந்தது? சரக்கு எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதிலிருந்து எண்ணிய தேதி அது. கண்டெய்னர் 7ஆம் தேதியே சென்னைத் துறைமுகத்தில் இறங்கிவிட்டது. தாவரத் தொற்றுச் சோதனைக்கும் சுங்கத்துக்கும் ஐந்து நாள். 13ஆம் தேதி விருதுநகர் ஆலை. 14 சித்திரைப் பிறப்பு, ஆலையில் ஆள் இருக்காது. அதன்பின் சுத்தம் செய்து, எண்ணெய் பூசி ஊறவைத்து, நீர் தெளித்து வெயிலில் உலர்த்தித் தோல் நீக்க நான்கைந்து நாள். மதுரைக்கு லாரி சில மணி நேரந்தான். 20ஆம் தேதியே வரலாம். கோடை மழை பெய்தால் உலர்த்தல் தள்ளும் என்பதால் மண்டிக்காரர் இரண்டு நாள் கூட்டிச் சொன்னார்.

அதே கண்டெய்னர் 8ஆம் தேதி இன்னும் ரங்கூனில் கப்பல் ஏறாமல் கிடந்தால் பதில் வேறு. ஏப்ரல் நடுவில் பர்மாவில் திஞ்ஜான் எனும் நீர்த் திருவிழா, அங்கே வங்கியும் அலுவலகமும் மூடியிருக்கும். அப்போது நேர்மையான பதில், "மே மாசம்தான், தம்பி. வேற இடத்துலயும் பாத்துக்குங்க."

தேதியோடு விலையும் பேசியிருக்க வேண்டும்: இன்றைய விலையா, சரக்கு வரும் நாளின் விலையா என்று. இதைப் பேசாமல் விட்டால், 22ஆம் தேதி சரக்கு சரியாக வந்தும் சண்டை வரும். முன்பணம் வாங்கியிருந்தால் இன்றைய விலையையே நிறுத்துவதுதான் நியாயம். வாங்காவிட்டால் அன்றைய விலை என்று முதலிலேயே சொல்லிவிடலாம்.

சரக்கு தாமதமானால் 22 கழிந்தபின் சொல்வதில் பயனில்லை. ஆலையில் உலரவில்லை என்று 18ஆம் தேதி தெரிந்தால் அன்றே சொல்ல வேண்டும். ஆர்டரை ரத்து செய்துகொள்ளும் உரிமையும் அந்தப் போனிலேயே மாவுக்காரருக்குக் கிடைக்க வேண்டும்.