பெட்டி பெரிதானால் கூரியர் கட்டணமும் ஏறும்

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைகளைப் பெட்டியில் வைத்து, உடையாதபடி சுற்றிலும் காகிதம் திணித்து அனுப்புகிறீர்கள். தராசில் 2.5 கிலோ. ரசீதிலோ 7.5 கிலோ! தராசில் கோளாறு இல்லை. வண்டியிலும் விமானத்திலும் எடை வரம்பை எட்டும் முன்பே இடம் நிரம்பிவிடுவதுண்டு. அதனால் கூரியர் நிறுவனங்கள் பெட்டி அடைக்கும் இடத்தையும் எடையாக மாற்றிப் பார்க்கின்றன. இதுவே கன அளவு எடை. இதற்கும் தராசு எடைக்கும் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம்.

கணக்கு எளிது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுக்க வேண்டும். நம் பெட்டி 40, 30, 30. பெருக்கினால் 36,000, வகுத்தால் 7.2 கிலோ. அரை கிலோ படிகளில் மேல்நோக்கி முழுமையாக்கும் இடத்தில் அது 7.5 ஆகும். சில நிறுவனங்கள் 4,000 ஆல் வகுக்கும். அங்கே இதே பெட்டி 9 கிலோ. ஆகவே கிலோவுக்கு என்ன விலை என்பதோடு வகுக்கும் எண்ணையும் கேளுங்கள்.

அளப்பது பெட்டியின் வெளிப்புறத்தை. புடைத்திருந்தால் புடைப்பும் சேரும். பொம்மைகள் 35, 25, 25 பெட்டியில் பாதுகாப்பாக அடங்குமானால் கணக்கு 4.5 கிலோவுக்கு இறங்கிவிடும். ஒட்டுவதற்கு முன் அளந்து, ரசீதில் எழுதும் அளவுகளையும் சரிபாருங்கள்.