இருபது பைட் பேக்கப்

கம்பெனியின் டேட்டாபேஸைக் கவனித்துவந்தவர் வேலையை விட்டுப் போகிறார். நோட்டீஸ் காலத்தின் கடைசி வாரத்தில் மேனேஜர் அவரிடம் சொல்வது வழக்கமான வசனம்தான்: "எல்லாத்தையும் ஒரு டாக்குமென்ட்ல எழுதி வச்சிட்டுப் போயிடுங்க." அவரும் எழுதுகிறார். எந்தெந்த சர்வர், தானாக ஓடும் வேலைகள் என்னென்ன, பாஸ்வேர்டுகள் எங்கே என்று நான்கைந்து பக்கம். எழுதியதில் பிழை எதுவும் இராது. ஆனாலும் சில வாரங்களில் அந்தக் கம்பெனி பேக்கப் இல்லாமல் நிற்கக்கூடும். அது எப்படி என்பதை ஒரே ஒரு வேலையை வைத்துப் பார்த்துவிடலாம்.

பல ஊர்களில் கிளை உள்ள ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்வோம். பில், ஸ்டாக், வாடிக்கையாளர் கணக்கு எல்லாம் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸில் இருக்கின்றன. தினமும் இரவில் அதை நகலெடுத்துச் சுருக்கி வைக்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் இப்படிக் குறித்த நேரத்துக்கு வேலைகளை ஓட்டுவது கிரான். அதில் நம்மவர் எழுதிவைத்திருக்கும் வரி இது:

```
0 21 * * * pg_dump -h db1 -U backup kadai | gzip > /backup/kadai-$(date +\%F).sql.gz
```

`pg_dump` நகலெடுக்கிறது, `gzip` சுருக்குகிறது, அன்றைய தேதியில் ஒரு கோப்பு உருவாகிறது. குறிப்பிலும் "தினசரி பேக்கப், கிரானில் ஓடுகிறது" என்று ஒரு வரி இருக்கும். பொய் இல்லை. ஆனால் இந்த ஒரு வரிக்குள் அவருக்கு மட்டுமே தெரிந்த சங்கதிகள் சில இருக்கின்றன. கூடவே இருந்து பழகியதால், அவற்றை எழுத வேண்டும் என்றே அவருக்குத் தோன்றாது.

முதலாவது, நேரம். சர்வர் கடிகாரம் யுடிசி-யில் ஓடுகிறது. அங்கே இரவு 9 மணி என்றால் நமக்கு மறுநாள் அதிகாலை 2.30. ஆக, 15-ஆம் தேதி விடியற்காலையில் எடுத்த பேக்கப்பின் பெயரில் 14 என்று இருக்கும். புதிதாக வந்தவர் காலை பத்து மணிக்கு 15-ஆம் தேதிக் கோப்பைத் தேடினால் கிடைக்காது. தேதிக்கு முன்னால் `\%` என்று ஒரு சாய்கோடு இருக்கிறதல்லவா, அதை வேண்டாத எழுத்து என்று நினைத்து யாராவது அழித்துவிட்டால் வேலையே ஓடாது. கிரானில் வெறும் `%` வந்தால் கட்டளை அந்த இடத்தோடு துண்டிக்கப்பட்டுவிடும்.

இதைவிடப் பெரிய விஷயம், இந்த வரி யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. கிரானில் ஒவ்வொரு பயனருக்கும் தனிப் பட்டியல் உண்டு. `crontab -l` என்று கேட்டால் கேட்கிறவரின் பட்டியலை மட்டுமே காட்டும். விலகுகிறவர் ஆறு வருடத்துக்கு முன் அவசரத்தில் தன் சொந்தக் கணக்கிலேயே இந்த வரியைச் சேர்த்திருந்தால், அது அங்கேயேதான் கிடக்கும். அவர் போன பிறகு கணக்கை நீக்குகிறார்கள். பாதுகாப்பு விதிப்படி நீக்கத்தான் வேண்டும். அந்த ஆள் சர்வரில் இல்லை என்பதைக் கிரான் கவனித்து, பல லினக்ஸ்களில் `ORPHAN (no passwd entry)` என்று லாகில் ஒரு வரி எழுதிவிட்டு, அவர் பட்டியலை ஒதுக்கிவிடுகிறது.

சரி, குறிப்பைப் படித்த புதியவர் உஷாராக அந்த வரியை வேறொரு கணக்குக்கு மாற்றிவிட்டார் என்றே கொள்வோம். அப்போதும் தப்பவில்லை. மேலே உள்ள கட்டளையில் பாஸ்வேர்ட் எங்கும் கிடையாது, கவனித்தீர்களா? பழையவரின் ஹோம் டைரக்டரியில் `.pgpass` என்ற மறைவான கோப்பிலிருந்து `pg_dump` அதை எடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் கோப்பை உரிமையாளர் தவிர மற்றவர்களும் படிக்கலாம் என்று அனுமதி தளர்ந்திருந்தாலும் போஸ்ட்கிரெஸ் அதைச் சீண்டாது. புதிய கணக்கில் கோப்பே இல்லை. எனவே `pg_dump` பாஸ்வேர்ட் இல்லாமல் முதல் அடியிலேயே நின்றுவிடுகிறது.

`gzip` நிற்பதில்லை. தனக்கு வந்த வெறுமையைச் சுருக்கி, முறையான தலைப்போடு ஒரு கோப்பை முடித்துவைக்கிறது. அதன் அளவு 20 பைட். இரண்டு கட்டளைகளைக் குழாய் போட்டு இணைத்தால், கடைசிக் கட்டளையின் முடிவுதான் மொத்த முடிவாகக் கணக்கில் வரும். `gzip` வென்றதால் வேலையும் வென்றதாகிறது. `gzip -t` போட்டுச் சோதித்தாலும் கோப்பில் குறை இல்லை என்றே வரும். உள்ளே ஒன்றும் இல்லை என்பது அதற்கு ஒரு குறையே அல்ல. `pg_dump` அலறிய பிழைச்செய்தியைக் கிரான் சர்வருக்குள் இருக்கும் உள் தபால் பெட்டிக்கு அனுப்பப் பார்க்கும். அதைத் திறந்து பார்ப்பவர் யாரும் இல்லை.

இத்துடன் இன்னொரு வேலையும் ஓடிக்கொண்டிருக்கிறது: 14 நாளுக்கு மேற்பட்ட பேக்கப்புகளை அழிப்பது. அது ரூட் கணக்கில் இருப்பதால் யார் போனாலும் வந்தாலும் தடைபடாது. இரண்டு வாரத்தில் கடைசி நல்ல பேக்கப்பும் அழிந்து, 20 பைட் கோப்புகள் தேதிவாரியாக அடுக்கி நிற்கும்.

கற்பனை மிகை என்று தோன்றினால், கிட்லேப் நிறுவனத்துக்கு 2017 ஜனவரி 31-இல் நேர்ந்ததைப் பாருங்கள். ஒரு பொறியாளர் தவறுதலாக முக்கிய டேட்டாபேஸ் சர்வரிலேயே கோப்புகளை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் எஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினால், அது இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடந்தது. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் ஓட, பேக்கப் எடுத்த `pg_dump` 9.2 பதிப்பாக இருந்ததால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களையும் பெறும் சர்வர் நிராகரித்துக்கொண்டிருந்தது. வேறொரு வேலைக்காக ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன் கையால் எடுத்த நகல் ஒன்று கிடைத்தது அவர்கள் அதிர்ஷ்டம். இடைப்பட்ட நேரத்துத் தரவு போனது போனதுதான். இதையெல்லாம் மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எனவே ஜவுளிக்கடைக் குறிப்பில் அந்த ஒரு வரிக்குப் பதில் இப்படி இருந்தால் உதவும்: "இந்திய நேரம் அதிகாலை 2.30-க்கு ஓடும். கோப்பின் பெயரில் முந்தைய நாள் தேதி இருக்கும். என் சொந்தக் கணக்கில் இருந்ததை `dbbackup` கணக்குக்கு மாற்றிவிட்டேன், பாஸ்வேர்ட் அந்தக் கணக்கின் `.pgpass`-இல் உள்ளது. நாற்பது நிமிடம் ஆகும். கோப்பு 6 ஜிபி அளவில் இருக்கும். 5-க்குக் கீழே இறங்கினால் ஏதோ கோளாறு, உடனே பாருங்கள். அதுவரை பழையதை அழிக்கும் வேலையை நிறுத்திவையுங்கள்."

பாஸ்வேர்டு எங்கே என்று எழுதலாம், பாஸ்வேர்டையே எழுதக் கூடாது. கம்பெனியின் பாஸ்வேர்ட் பெட்டகத்தில் எந்தப் பெயரில் இருக்கிறது, திறக்கும் உரிமை யாருக்கு, மாற்றினால் எந்தெந்த ஸ்கிரிப்டில் மாற்ற வேண்டும் என்பது போதும். பெட்டகத்தைத் திறக்க வரும் ஓடிபி விலகுகிறவரின் சொந்த போனுக்குப் போகிறதா என்பதை மறந்துவிடுகிறார்கள். அதை அவர் இருக்கும்போதே மாற்றிக்கொள்ள வேண்டும். அவர் போன அன்றே, அவருக்குத் தெரிந்த பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிட வேண்டும். இது அவர்மேல் உள்ள சந்தேகம் அல்ல, அவருக்கும் இதுதான் நல்லது.

கடைசி வாரத்தைக் குறிப்பு எழுதுவதிலேயே கழிக்காமல், இரண்டு நாளாவது ஒதுக்கி, புதியவரை அந்தக் குறிப்பை மட்டும் வைத்துக்கொண்டு வேறொரு சர்வரில் பேக்கப்பிலிருந்து டேட்டாபேஸை மீட்கச் சொல்லுங்கள். பழையவர் பக்கத்தில் இருக்கட்டும், விசைப்பலகையைத் தொட வேண்டாம். புதியவர் எங்கெல்லாம் திரும்பி அவரிடம் கேட்கிறாரோ, அந்த பதிலைக் குறிப்பில் சேர்த்துவிடுங்கள்.